உ.வே.சா.வின் 87 வருஷத்தை எங்கே வெட்டுவது?

ஒரு நீண்ட வாழ்க்கையை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதணும்னா, நம்ம கை தானாகவே நாலு பெட்டி போட்டுவிடும். பிள்ளைப் பருவம், படிப்பு, பணி, கடைசிக் காலம். பள்ளிக்கூட நோட்ஸ், நூற்றாண்டு மலர், அஞ்சலிக் குறிப்பு எல்லாத்துக்கும் இதே சட்டம்தான். சட்டத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. எந்த வருஷத்தில் கோடு போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோடு சற்றுத் தள்ளிப் போனால் ஒரு மனிதர் காணாமல் போவார், ஒரு முக்கியமான வேலை காணாமல் போகும், சில சமயம் வாழ்க்கையின் காரணமே காணாமல் போகும்.

இதைப் பார்க்க உ.வே.சாமிநாதையரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1855 பிப்ரவரி 19-ல் பிறந்தார். 1942 ஏப்ரல் 28-ல் காலமானார். 87 வருஷம். தேதிகள் பெரும்பாலும் தெளிவாகவே கிடைக்கின்றன. அவரே எழுதிய சுயசரிதை இருக்கிறது. அப்புறம் என்ன கஷ்டம் என்று தோணும். இருக்கிறது, பார்க்கலாம்.

முதலில் வழக்கமான கோடுகளையே போட்டுப் பார்ப்போம். பிறந்ததிலிருந்து 1871 வரை பிள்ளைப் பருவம், 16 வருஷம். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்ததிலிருந்து 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆகும் வரை பயிற்சி, 9 வருஷம். 1880 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஓய்வு பெற்ற 1919 வரை பணி, 39 வருஷம். அதன் பிறகு 1942 வரை கடைசிக் காலம், 23 வருஷம். கூட்டினால் 87. கணக்கு சரியாக வந்துவிட்டது. கணக்கு சரியாக வந்தால் வரலாறும் சரியாக வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். மூன்று கோடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் கோடு: 1871

மூன்றில் இதுதான் சுத்தமான கோடு. அதற்கு ஒரு அழகான அடையாளமும் இருக்கிறது, பெயர். அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது சாமா என்று. சாமிநாதன் என்பதன் செல்லச் சுருக்கம் அது. பிள்ளையவர்களிடம் சேர்ந்த பிறகு, அவர் விருப்பப்படி சாமிநாதன் என்ற பெயரே நிலைத்தது. நாம் இன்று சொல்லும் பெயரே ஆசிரியர் கையால் வந்ததுதான். ஒரு பெட்டி முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

ஆனால் "பயிற்சி" என்ற தலைப்பை 1871-ல் ஆரம்பித்தால், அதற்கு முன்னால் படிப்பே இல்லாத மாதிரி ஆகிவிடும். உண்மை அப்படி இல்லை. அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான், கனம் கிருஷ்ணையரிடம் பாடம் கேட்டவர். ராமாயணப் பிரசங்கம் செய்து அதில் வரும் வருமானத்தில் குடும்பம் நடத்தியவர். வருமானம் இருக்கிற ஊருக்குக் குடும்பம் நகரும். பையனும் கூடவே நகர்வான். போகிற ஊரில் தமிழ் சொல்லித்தர யார் இருக்கிறார் என்று தேடுவதே அப்பாவுக்கு ஒரு வேலை. அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஊருக்கு ஒருவராக ஆசிரியர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தந்தார்கள். தனக்குத் தெரிந்தது தீர்ந்ததும், இதற்கு மேல் படிக்கணும்னா மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போ என்று கை காட்டியவர்களும் உண்டு.

அதனால் முதல் பெட்டிக்கு வெறுமனே "பிள்ளைப் பருவம்" என்று பெயர் வைத்தால் போதாது. "ஊர் ஊராகப் பாடம் தேடிய காலம்" என்று ஒரு வரி சேர்த்தால், பெயர் தெரியாத கிராமத்து ஆசிரியர்கள் மூன்று நாலு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் படிப்பு எப்படி நடந்தது என்பதும் வந்துவிடும். பள்ளிக்கூடம் இல்லை, பாடத்திட்டம் இல்லை, புத்தகம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஆசிரியர்.

இரண்டாம் கோடு: 1876-ஆ, 1880-ஆ?

இங்கேதான் உண்மையான சிக்கல். பயிற்சி எப்போது முடிந்தது? மூன்று தேதிகள் போட்டி போடுகின்றன.

முதல் தேதி 1876 பிப்ரவரி 1. பிள்ளையவர்கள் காலமான நாள். சாமிநாதையருக்கு அப்போது 21 வயது நிறையவில்லை. ஆசிரியர் போனதோடு பயிற்சி முடிந்தது என்று கோடு போட்டால், அடுத்த நாலு வருஷம் அனாதையாக நிற்கும். அந்த நாலு வருஷமும் அவர் திருவாவடுதுறை மடத்தில்தான் இருந்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டார், மடத்தில் மற்றவர்களுக்குப் பாடம் சொன்னார். மாணவராகவும் ஆசிரியராகவும் ஒரே நேரத்தில் இருந்த காலம் அது. எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

இரண்டாவது தேதி 1880 பிப்ரவரி. கும்பகோணம் கல்லூரியில் இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தன் இடத்துக்கு இவரைக் கொண்டுவந்தார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவர்தான். 25 வயது நிறைகிற சமயம். மாதச் சம்பளம், கல்லூரி, மாணவர்கள். பெரும்பாலான குறிப்புகள் கோடு போடுவது இங்கேதான். காகிதத்தில் இது சரி.

மூன்றாவது தேதி அதே வருஷம் அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் பார்க்கப் போன நாள். முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். புராணங்கள், காப்பியங்கள், இலக்கண நூல்கள் வரை சொன்னார். அந்தப் பட்டியலைச் சொல்லக்கூடியவர்கள் அன்றைக்கு அதிகம் பேர் இல்லை. முதலியார் அசரவில்லை. இதெல்லாம் படித்து என்ன ஆச்சு, இதற்கும் மூலமான பழைய நூல்களைப் பார்த்ததுண்டா என்ற தொனியில் கேட்டார். சீவக சிந்தாமணி, மணிமேகலை என்று பெயர்களைச் சொன்னார். பிறகு சிந்தாமணியின் படி ஒன்றையும் கொடுத்து, இதைப் பாடம் சொல்லுங்கள் என்றார்.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். ஒன்பது வருஷம் அன்றைய தமிழ்நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியரிடமும் மடத்திலும் படித்தவர், சிந்தாமணியைத் திறந்தால் அதில் உள்ள சமண வழக்குகள் புரியவில்லை. கதை தெரியாது, மதக் கருத்துகள் தெரியாது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மேற்கோளாக எடுத்துவைக்கும் வரிகள் எந்த நூலில் வருகின்றன என்றும் பல இடங்களில் தெரியவில்லை. ஆக, அவர் எந்த வேலைக்காக இன்றைக்கும் நினைக்கப்படுகிறாரோ அந்த வேலைக்கான பயிற்சி, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் ஆரம்பிக்கிறது!

அந்தப் பயிற்சிக்கு ஆசிரியர்கள் யார்? கும்பகோணத்துச் சமணர்கள். சந்திரநாத செட்டியார் போன்றவர்கள். அவர்கள் வீடுகளில் சிந்தாமணி பாராயண நூலாகவே இருந்தது. பண்டிதர்களுக்குப் புதிராக இருந்த இடங்களுக்கு அவர்கள் சாதாரணமாக விளக்கம் சொன்னார்கள். பகலில் கல்லூரியில் ஆசிரியர், மற்ற நேரத்தில் மறுபடியும் மாணவர். சிந்தாமணி அச்சாகி வந்தது 1887-ல். 1880 அக்டோபரிலிருந்து அதுவரைக்கும் ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்தை "பணி" என்று மட்டும் எழுதினால், சமண நண்பர்களும் முதலியாரும் சுருக்கத்திலிருந்து நழுவிவிடுகிறார்கள். அதாவது காரணம் நழுவிவிடுகிறது. பிறகு வாசகருக்கு என்ன தோன்றும்? மகாவித்துவானிடம் படித்தார், அதனால் சங்க நூல்களைப் பதிப்பித்தார் என்று. அந்த "அதனால்" தப்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிள்ளையவர்களிடம் படித்தது வீணா? இல்லவே இல்லை. ஏட்டுச்சுவடியில் புள்ளி இருக்காது, பத்தி பிரிப்பு இருக்காது, எழுதியவர் கைப்பிழை நிறைய இருக்கும். பாட்டின் ஓசை காதில் ஊறியவருக்குத்தான் ஒரு சீர் குறைவது உடனே தெரியும். அந்தக் காது மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் கிடைத்தது. இன்னொன்றும் அங்கேயே இருந்தது. மடத்தின் பழைய சுவடிகளுக்கு நடுவில் சங்க நூல் ஏடுகளும் கிடந்தன. அவர் படித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க அவை அங்கேதான். கும்பகோணத்தில் அந்தக் கேள்வி வந்த பிறகு திரும்பிப் போய்த் தேடும்போதுதான் கண்ணில் பட்டன.

ஆகவே நான் கோடு போடும் முறை இது. தேதிக்கு 1880 பிப்ரவரி இருக்கட்டும், வேலை கிடைத்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் பெட்டியின் முதல் வாக்கியம் கல்லூரியைப் பற்றி இருக்கக் கூடாது, அக்டோபர் 21-ஐப் பற்றி இருக்கணும். ஒரு கோடு சரியா என்று சோதிக்க ஒரு கேள்வி போதும்: அந்த நாளுக்கு மறுநாள் காலையில் அவர் செய்த வேலை மாறியதா? 1876-க்குப் பிறகு துக்கம் பெரிது, ஆனால் வேலை பெரிதாக மாறவில்லை. 1880 பிப்ரவரியில் இடம் மாறியது, சொல்லித்தந்த நூல்கள் பெரிதாக மாறவில்லை. 1880 அக்டோபருக்குப் பிறகு அவர் கையில் இருந்த புத்தகமே மாறிவிட்டது.

மூன்றாம் கோடு: 1919

கும்பகோணத்தில் 23 வருஷம், 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரி, 1919-ல் ஓய்வு. இதில் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, பிறகு ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, 1918-ல் பரிபாடல். பெரிய பதிப்புகள் பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள்தான். அதனால் 1919-க்குப் பிறகு வருகிற 23 வருஷத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிற பழக்கம் இருக்கிறது: ஓய்வுக்குப் பின் தமிழ்ப்பணியைத் தொடர்ந்தார், டாக்டர் பட்டம் பெற்றார், காலமானார்.

கொஞ்சம் விரித்துப் பாருங்க. 1924-ல் பெருங்கதை வெளிவருகிறது. அதே வருஷம் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராகப் போய் 1927 வரை இருக்கிறார். ஓய்வு பெற்றவர் திரும்ப வேலைக்குப் போன கதை அது. 1933, 1934-ல் தன் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதி வெளியிடுகிறார். 1937-ல் குறுந்தொகை, தன் உரையோடு. அப்போது அவருக்கு 82 வயது. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" ஆரம்பிக்கிறது, 85 வயது நெருங்குகிற நேரத்தில்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை அல்ல, வேலையின் தன்மை மாறியது. பணிக் காலத்தில் அவர் மற்றவர்கள் எழுதிய நூலைச் சரிபார்த்துக் கொடுத்தவர். கடைசிக் காலத்தில்தான் அவர் தானே எழுதுகிற ஆளாகிறார். பத்திரிகை வாசகர்களுக்காகச் சின்னச் சின்ன நினைவுக் கட்டுரைகள், வித்வான்கள் கதைகள், ஏடு தேடிப் போன பயணங்கள். அவருடைய உரைநடை என்று நாம் ரசிக்கிறதில் பெரும்பகுதி எழுபது வயதுக்குப் பிறகு எழுதியது. ஓய்வு பெற்ற பிறகு பிறந்த எழுத்தாளர் என்றே சொல்லலாம். அந்தப் பெட்டிக்கு "கடைசிக் காலம்" என்று பெயர் வைத்ததுமே நம் பேனா அவசரப்பட ஆரம்பிக்கிறது. அதுதான் பெயரின் ஆபத்து.

"தமிழ்த் தாத்தா" என்ற பட்டமும் இதில் ஒரு வேலை செய்கிறது. அந்தப் பெயரையும் தலைப்பாகைப் படத்தையும் சேர்த்துப் பார்த்துப் பழகியதால், சிந்தாமணியைப் பதிப்பித்தவரும் தாத்தாவாகவே மனசில் நிற்கிறார். சிந்தாமணி வந்தபோது அவருக்கு 32 வயசு! புறநானூறு வந்தபோது 40 ஆகவில்லை. சுருக்கம் எழுதும்போது ஒவ்வொரு நூலுக்குப் பக்கத்திலும் வயதை எழுதிப் பாருங்கள், படம் உடனே மாறும்.

சுயசரிதை செய்கிற சாய்வு

இன்னொரு விஷயம், இது பலர் கவனிக்காதது. நம் சுருக்கங்கள் எல்லாம் பெரும்பாலும் "என் சரித்திரம்" நூலிலிருந்து வருகின்றன. 122 அத்தியாயம். ஆனால் அது முடிவது 1890-களின் கடைசியில், மணிமேகலைப் பதிப்பை ஒட்டி. தொடர் வந்துகொண்டிருந்தபோதே அவர் காலமாகிவிட்டார். யுத்த பயத்தில் சென்னை காலியாகிக்கொண்டிருந்த சமயம், திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கேதான் உயிர் பிரிந்தது. நூல் வடிவில் வந்தது 1950-ல்.

கணக்குப் போட்டால் 87 வருஷத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பாதியிலும் 1880-க்கு வந்து சேரவே நூலில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆக, இளமைக்கு ஏராளமான காட்சிகள். எந்த ஊரில் யார் வீட்டில் சாப்பிட்டார், மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்க ஆரம்பித்து, பிள்ளையவர்களுக்கு அது பிடிக்காததால் ஏன் விட்டார் என்பதுவரை இருக்கிறது. சென்னை வாழ்க்கைக்கு அவர் எழுதிய தொடர் வரலாறு கிடையாது. நூலை வைத்துச் சுருக்கினால் முதல் இரண்டு பெட்டிகள் வீங்கும், கடைசிப் பெட்டி சுருங்கும். மனிதர் கடைசியில் சும்மா இருந்ததால் அல்ல, எழுத நேரம் கிடைக்காததால்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. நீங்க எழுதிய சுருக்கத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை வரி என்று எண்ணுங்க. பக்கத்தில் எத்தனை வருஷம் என்று போடுங்க. 16 வருஷத்துக்குப் பத்து வரி, 23 வருஷத்துக்கு இரண்டு வரி என்று வந்தால், அது வாழ்க்கையின் அளவா, மூலநூலின் அளவா என்று கேட்டுக்கொள்ளணும். இங்கே அது மூலநூலின் அளவு. மீதிக்கு அவர் மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய "என் ஆசிரியப்பிரான்" போன்றவற்றையும், பதிப்புகளின் முன்னுரைகளையும் தேடிப் போகணும்.

சரி, எல்லாம் சேர்த்து என் சுருக்கம் எப்படி இருக்கும் என்று கீழே தருகிறேன். நாலு பெட்டிதான், கோடுகள் மட்டும் மேலே சொன்ன இடங்களில்.

1855–1871: உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் வேங்கடராமனாகப் பிறந்தார். சங்கீதமும் ராமாயணப் பிரசங்கமும் பிழைப்பாக இருந்த அப்பாவோடு ஊர் ஊராகப் போய், கிராமத்து ஆசிரியர்கள் பலரிடம் தமிழ் படித்தார்.

1871–1880: மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து சாமிநாதன் ஆனார். ஆசிரியர் 1876-ல் மறைந்த பிறகு திருவாவடுதுறை மடத்தில் கற்றும் கற்பித்தும் இருந்தார். இக்காலத்தில் ஆழ்ந்து கற்றவை பெரும்பாலும் பிற்கால இலக்கியங்கள்.

1880–1919: கும்பகோணத்தில் ஆசிரியரான எட்டாம் மாதம், சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியால் பழைய நூல்கள் பக்கம் திரும்பினார். சமண நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்து 32 வயதில் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். தொடர்ந்து சங்க நூல்கள் பலவும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அவர் பதிப்பில் வந்தன. 1903 முதல் சென்னையில் பணி.

1919–1942: பதிப்பாசிரியர் எழுத்தாளராகவும் ஆன காலம். பெருங்கதை, தன் உரையோடு குறுந்தொகை, ஆசிரியரின் வரலாறு, நினைவுக் கட்டுரைகள், பாதியில் நின்ற சுயசரிதை. நடுவில் மூன்று வருஷம் சிதம்பரத்தில் கல்லூரி முதல்வர்.

இதில் சேலம் இராமசுவாமி முதலியாருக்குக் கிடைத்தது அரை வாக்கியம். 1892-ல், நாற்பது வயது ஆவதற்குள் அவர் போய்விட்டார். புறநானூற்றின் பதிப்பை அவர் பார்க்கவில்லை. 87 வருஷத்தைச் சுருக்குகிற எவரும் அந்த அரை வாக்கியத்தை மட்டும் வெட்டாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் எப்படியோ சரியாக வந்துவிடும்.